ஐந்தாவது வாரத்து மாத்திரைக் கணக்கு

மாதவிலக்கு நாலைந்து நாள் தள்ளிப்போகிறது. மருந்துக்கடையில் வாங்கிய பட்டையில் இரண்டு கோடு விழுகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவக் கணக்கு என்பதால், அன்றைக்கே அது ஐந்தாவது வாரம். கரு சில மில்லிமீட்டர் அளவுகூட இல்லை. அதற்கென்று தைராய்டு சுரப்பியும் இன்னும் வேலைக்கு வரவில்லை. கருவின் சுரப்பி 10 முதல் 12 வாரத்தில்தான் அயோடினைப் பிடித்து ஹார்மோன் செய்யத் தொடங்கும். தன் தேவைக்குப் போதுமான அளவு சுரக்க ஏறக்குறைய 18 முதல் 20 வாரம் ஆகிவிடும். அதுவரை மூளை வளர்வதற்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் அம்மாவின் ரத்தத்திலிருந்தே போயாக வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. "இன்னும் பத்து நாள் போகட்டும், இதயத்துடிப்பு வந்ததும் ஸ்கேனுக்குப் போகலாம்" என்று காத்திருப்பார்கள். முதல் பரிசோதனை ஏழாவது, எட்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போகும். அங்கே ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வாங்கி, மறுபடி மருத்துவரைப் பார்ப்பதற்குள் இன்னும் ஒரு வாரம் ஓடிவிடும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு இந்த நாலு வாரம் சும்மா கழிந்துவிடக் கூடாத காலம். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, கரு தரிப்பதற்கு முன்னால் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. பிட்யூட்டரி அனுப்பும் கட்டளைதான் லேப் ரிப்போர்ட்டில் வரும் டிஎஸ்எச். வேலை நடக்காத இடத்தில் மேஸ்திரியின் குரல் ஏறுவதுபோல, தைராய்டு குறைவாகச் சுரந்தால் டிஎஸ்எச் ஏறும். அதிகமாகச் சுரந்தால் இறங்கும். "எனக்கு தைராய்டு அதிகம், 40 இருக்கு" என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லும் பெண்கள் பலருக்கு உண்மையில் இருப்பது தைராய்டு குறைவு. இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாமல் மாத்திரையைத் தாமாகவே குறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. தைராய்டு குறையும்போது அது டிஆர்எச் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி பிட்யூட்டரியை முடுக்கும். அந்த டிஆர்எச் டிஎஸ்எச்சை மட்டும் ஏற்றிவிட்டு நிற்பதில்லை. தாய்ப்பால் சுரக்க உதவும் புரோலாக்டினையும் சேர்த்தே ஏற்றிவிடும். புரோலாக்டின் கூடினால், சினைப்பைக்கு மூளையிலிருந்து சீரான இடைவெளியில் போக வேண்டிய தூண்டுதல் தடுமாறும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் பல பெண்களுக்கு மாதவிலக்கு வராமல் இருப்பதற்கும் இதே ஹார்மோன்தான் காரணம். சுழற்சியின் நடுவில் ஒருமுறை எல்எச் ஹார்மோன் சட்டென்று உயர்ந்தால்தான் முட்டை வெடித்து வெளியே வரும். அந்த உயர்வு நிகழாவிட்டால் முட்டைப்பை வளர்வதும் பாதியில் நிற்பதுமாக மாதங்கள் போகும். சினைப்பையின் செல்களுக்கே தைராய்டு ஹார்மோன் தேவைப்படுவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் உருவாகாது. கருப்பையின் உட்சவ்வு ஈஸ்ட்ரோஜனால் மட்டும் தடித்துக்கொண்டே போய், ஒருநாள் ஒழுங்கில்லாமல் உதிரும். தைராய்டு குறைந்த பெண்களுக்கு நாற்பது, ஐம்பது நாள் கழித்து வரும் மாதவிலக்கு எட்டு, பத்து நாள் அதிகப் போக்காக நீடிப்பது இதனால்தான்.

இதை ஒரு பெண்ணின் வழியே பார்க்கலாம். இது ஒரு தனி மனுஷியின் கதை அல்ல. மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கும் நிலைமைகளை ஒருவரிடம் சேர்த்து வைத்துப் பார்க்கும் உதாரணம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். வயது 28, எடை 62 கிலோ, திருமணமாகி மூன்று ஆண்டு. மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறை, சில சமயம் 55 நாளுக்கு ஒருமுறை. வந்தால் பத்து நாள். முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், எவ்வளவு தூங்கினாலும் அசதி. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சிறுசிறு முட்டைப்பைகள் தெரிந்ததால் 'நீர்க்கட்டி' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புரோலாக்டின் பார்த்தபோது 48. இயல்பு 25 வரைதான் என்பதால் அதைக் குறைக்கத் தனி மாத்திரையும் எழுதியாயிற்று.

டிஎஸ்எச் மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது 42.

நீர்க்கட்டி நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் தைராய்டையும் புரோலாக்டினையும் பார்த்து அவற்றை விலக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் எழுதிவைத்த விதி. புரோலாக்டின் கூடினால் முதலில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இந்த விதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் பயமுறுத்தும் உதாரணம் உண்டு. தைராய்டு நெடுநாள் கடுமையாகக் குறைந்து கிடந்தால், ஓயாமல் டிஎஸ்எச் சுரந்து பிட்யூட்டரியே வீங்கிவிடும். எம்ஆர்ஐயில் அது கட்டி மாதிரியே தெரியும். பார்க்கிறவர்கள் அறுவை சிகிச்சைவரை யோசித்துவிடுவார்கள். தைராய்டு மாத்திரை சில மாதம் சாப்பிட்டால் அந்த வீக்கம் தானே வடிந்துவிடும்.

திருப்பூர்ப் பெண்ணுக்கு எழுதிய மருந்து லீவோதைராக்சின், தினம் 100 மைக்ரோகிராம். சுரப்பி ஏறக்குறைய ஓய்ந்துபோன இளம் வயதினருக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். 62 கிலோவுக்கு அது 99 வரும். அளவு சரிதான். ஆனாலும் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்எச் 11. மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுவது எளிது. அந்த மருத்துவர் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரையை எப்பம்மா போடுறீங்க?"

"காலைல காபி குடிக்கும்போது மேடம். அந்த ரத்த மாத்திரையையும் அப்பவே சேர்த்துப் போட்டுடுவேன். கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்கு வந்துரும்."

விஷயம் அங்கே இருந்தது. அதிகப் போக்கால் ஹீமோகுளோபின் குறைந்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்யும். காபியும் அதன் பங்குக்கு உறிஞ்சுதலைக் குறைக்கும். மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அவர் ஐந்தரைக்கு எழுந்ததும் மாத்திரை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் காபி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை என்று மாற்றிக்கொண்டார். அதே 100 மைக்ரோகிராமில் ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் 2.1 வந்தது. புரோலாக்டினும் தனி மருந்து இல்லாமலே இயல்புக்கு இறங்கியது.

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில லேப் இயந்திரங்கள் டிஎஸ்எச்சை உண்மையைவிடக் குறைவாகவும் டி4 அளவைக் கூடுதலாகவும் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தி, லேபில் சொல்லிவிட வேண்டும்.

மாதவிலக்கு 30 முதல் 33 நாளுக்குள் வரத் தொடங்கியது. முட்டை உண்மையிலேயே வெளிவருகிறதா என்று உறுதிப்படுத்த, அடுத்த மாதவிலக்கு வருவதாகக் கணக்கிட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னால் புரோஜெஸ்ட்ரோன் பார்த்தார்கள். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள். அவருக்கு 11 இருந்தது. 28 நாள் சுழற்சிக்காகச் சொல்லப்பட்ட '21-ஆம் நாள் பரிசோதனை'யை 40 நாள் சுழற்சி உள்ளவருக்கும் 21-ஆம் நாளிலேயே செய்துவிட்டு, முட்டை வரவில்லை என்று சொல்லிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. நாளைக் கணக்கிட்டுச் செய்தால்தான் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம்.

குழந்தைக்கு முயலும் காலத்தில் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு டிஎஸ்எச் 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. வழக்கமான லேப் அட்டையில் 4-க்கு மேல்வரைகூட 'நார்மல்' என்று அச்சடித்திருக்கும். பிறகு ஏன் இவர்களுக்கு மட்டும் தாழ்ந்த இலக்கு? கரு தரித்ததும் தேவை குதித்து ஏறப் போகிறது, அதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்பதுதான் காரணம்.

அந்த ஏற்றத்தைத் துல்லியமாக அளந்து காட்டியது பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு. எரிக் அலெக்சாண்டரும் சக மருத்துவர்களும் 2004-இல் வெளியிட்டது. தைராக்சின் சாப்பிட்டு வந்த 19 பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களின் 20 கர்ப்பங்களில் 17-க்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் தேவை சராசரியாக 47 சதவீதம் கூடியது. கூடத் தொடங்கியது சிலருக்கு ஐந்தாவது வாரத்திலேயே. 16-ஆவது வாரத்துக்குப் பிறகு மேலே ஏறாமல் அங்கேயே நின்றது.

இப்படிக் கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, ரத்தத்தில் தைராக்சினைப் பிடித்துச் சுமக்கும் புரதமும் ஏறும். அதை நிரப்பவே கூடுதல் ஹார்மோன் வேண்டும். நஞ்சுக்கொடி ஒரு பங்கைச் சிதைக்கிறது, கரு ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நல்ல சுரப்பி உள்ள பெண்ணின் உடம்பு இதைத் தானே சமாளித்துக்கொள்ளும். சுரப்பி ஓய்ந்தவருக்கு மாத்திரைதான் சுரப்பி. அது தானாகக் கூடாது, யாராவது கூட்ட வேண்டும்.

இங்கேதான் அந்தச் சின்னக் கணக்கு வருகிறது. தினம் ஒரு மாத்திரை என்றால் வாரத்துக்கு ஏழு. கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒன்பதாக்கிக்கொள்ள வேண்டும். அதாவது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரட்டை மாத்திரை. ஏழுக்கு ஒன்பது என்றால் ஏறக்குறைய 30 சதவீதக் கூடுதல். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. கூட்டிக்கொண்ட கையோடு மருத்துவருக்குச் சொல்லி டிஎஸ்எச்சும் பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், மாத்திரையிலேயே டிஎஸ்எச் மிகத் தாழ்ந்திருப்பவர்கள் போன்றோருக்கு இது அப்படியே பொருந்தாது. அதனால்தான் குழந்தைக்கு முயலத் தொடங்கும்போதே, "நாள் தள்ளினால் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு, மருத்துவர் கையால் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

திருப்பூர்ப் பெண்ணின் சீட்டில் அது எழுதியிருந்தது. 34-ஆம் நாள் இரண்டு கோடு விழுந்தது. மாமியாருக்குச் சந்தோஷம், கூடவே ஒரு பயம்: "புள்ள உண்டான நேரத்துல மாத்திரை எல்லாம் வேண்டாம் கண்ணு, நிறுத்திப்போடு." இந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். மருத்துவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லியனுப்ப வேண்டும்: லீவோதைராக்சின் உடம்புக்கு அந்நியமான மருந்தில்லை. சுரப்பி செய்யும் அதே ஹார்மோன்தான் மாத்திரையாக வருகிறது. நிறுத்தினால் கெடுதல் வயிற்றிலிருக்கும் கருவுக்கு.

அவர் நிறுத்தவில்லை. புதன், ஞாயிறு இரண்டு நாளும் இரண்டிரண்டு போட்டார். ஐந்தாவது வாரத்தில் டிஎஸ்எச் 3.1, ஒன்பதாவது வாரத்தில் 2.9. இன்னும் இறங்கவில்லை என்பதால் தினம் ஒன்றரை மாத்திரையாக்கினார்கள். 13-ஆவது வாரத்தில் 1.4. பாதிக் கர்ப்பம்வரை நாலு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 30-ஆவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும் பார்ப்பது முறை. நாலாவது மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் கால்சியமும் கொடுத்தபோது, பழைய நாலு மணி நேர இடைவெளியை அவர் மறக்கவில்லை. நன்றாக இருந்த டிஎஸ்எச் ஐந்தாம் மாதத்தில் திடீரென ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

கவனிக்காமல் விட்டால் என்ன? கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், ரத்த அழுத்தம் ஏறுவது ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. குழந்தையின் மூளை பற்றி அதிகம் பேசப்பட்ட ஆய்வு 1999-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாடோ குழுவினர் வெளியிட்டது. கர்ப்பத்தில் தைராய்டு குறைவு இருந்தும் சிகிச்சை பெறாத அம்மாக்களின் குழந்தைகளை ஏழு முதல் ஒன்பது வயதில் சோதித்தபோது, மற்றக் குழந்தைகளைவிட நுண்ணறிவு எண் சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்தது.

இந்தச் செய்தி ஒரு பக்கம் விழிப்பைக் கொடுத்தது, மறுபக்கம் தேவையில்லாத பீதியையும் கிளப்பியது. டிஎஸ்எச் 3 என்று வந்த பெண் இரவெல்லாம் தூங்காமல் அழுவதில் நியாயமில்லை. 2011-இல் முதல் மூன்று மாதத்துக்கு 2.5-தான் மேல்வரம்பு என்று சொன்ன அமெரிக்கத் தைராய்டு சங்கம், 2017-இல் அதைத் தளர்த்தி, அந்தந்த ஊர் மக்களுக்கான அளவைப் பயன்படுத்துங்கள், அது இல்லாவிட்டால் ஏறக்குறைய 4 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றது. நம் ஊரில் இன்னும் பலர் 2.5 கணக்கையே பின்பற்றுகிறார்கள். ஒரே ரிப்போர்ட்டுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது இதனால்தான். 10-க்கு மேல் போனால் கருத்து வேறுபாடே இல்லை, மருந்து கொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட அளவில் முடிவெடுக்கப் பெரிதும் உதவுவது டிபிஓ ஆன்டிபாடி பரிசோதனை. தன் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை அது சொல்லும். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோயின் அடையாளம் அது.

ஆன்டிபாடி இருக்கும் பெண்களுக்குக் கருச்சிதைவு சற்று அதிகம் என்பது தெரிந்ததே. அப்படியானால் டிஎஸ்எச் இயல்பாக இருந்தாலும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் கரு தங்குமா? பிரிட்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பு கருச்சிதைவோ குழந்தையின்மையோ இருந்த, ஆன்டிபாடி உள்ள, ஆனால் டிஎஸ்எச் சரியாக இருந்த 952 பெண்களில் பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம் தைராக்சின், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. 2019-இல் வந்த முடிவு: மருந்து சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.9 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆன்டிபாடி 'பாசிட்டிவ்' என்ற ஒரு வரிக்காக மாத்திரை தொடங்கத் தேவையில்லை. ஆனால் அவர்களின் சுரப்பி கர்ப்பச் சுமையில் தளர்ந்துபோகக்கூடும் என்பதால், நாலு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

எதிர்ப்பக்கக் குழப்பமும் ஒன்று இருக்கிறது. பட்டையில் இரண்டாவது கோட்டை வரவழைக்கும் எச்சிஜி ஹார்மோன், அமைப்பில் டிஎஸ்எச்சின் உறவுக்காரன். அதுவும் தைராய்டைத் தூண்டும். எட்டு முதல் பதினொன்றாவது வாரத்தில் எச்சிஜி உச்சத்தில் இருக்கும்போது தைராய்டு கொஞ்சம் கூடச் சுரந்து, டிஎஸ்எச் இறங்கும். மசக்கை கடுமையாக, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுக்கும் பெண்ணுக்கு டிஎஸ்எச் 0.05 என்று வந்தால் வீட்டார் பதறிப்போவார்கள். பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும் நிலை. வாந்திக்கும் நீரிழப்புக்கும் வைத்தியம் பார்த்தால் போதும், தைராய்டை அடக்கும் மருந்து வேண்டாம். கழுத்தில் வீக்கம், கண் பிதுங்கல், கர்ப்பத்துக்கு முன்பே படபடப்பும் எடை குறைவும் இருந்த வரலாறு ஆகியவை இருந்தால்தான் கிரேவ்ஸ் நோயை நினைக்க வேண்டும். அதை உறுதிசெய்ய டிஎஸ்எச் ஏற்பி ஆன்டிபாடி என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது.

கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் சாப்பிடும் பெண்களுக்கும் முதல் வாரங்களே முக்கியம், ஆனால் காரணம் வேறு. ஆறு முதல் பத்தாவது வாரத்துக்குள் கருவின் உறுப்புகள் உருவாகும்போது அந்த மருந்து உச்சந்தலைத் தோல், மூக்குத் துவாரம் போன்ற இடங்களில் பிறவிக் குறையை ஏற்படுத்தக்கூடும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதோ, கரு தரித்தது தெரிந்த உடனேயோ, புரொப்பைல்தையோயூரசில் என்ற மாற்று மருந்துக்கு மாற்றுவார்கள். நோய் நன்றாக அடங்கியிருந்தால், மருந்தையே நிறுத்திக் கண்காணிக்க முடியுமா என்றும் பார்ப்பார்கள். எதுவானாலும் அதே வாரத்தில் மருத்துவரைப் பார்த்துச் செய்ய வேண்டிய மாற்றம். இவர்கள் தாமாக நிறுத்துவதும் ஆபத்து, எட்டாவது வாரம்வரை காத்திருப்பதும் ஆபத்து. கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்தவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

திருப்பூர்ப் பெண்ணுக்குப் பிரசவம் ஆன மறுநாளே மாத்திரை ஒன்றரையிலிருந்து பழைய ஒன்றுக்குத் திரும்பியது. கர்ப்பத்துக்காகக் கூட்டிய அளவைக் குறைக்க மறந்தால் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் வரும். பச்சை உடம்புக்காரியிடம் அதையெல்லாம் பிரசவ அசதி என்றே எண்ணிவிடுவார்கள். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் சரியாக இருந்தது. அம்மாவுக்கு ஆறாவது வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. மாத்திரையை நிறுத்தாமல் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், மாமியாருக்கும் படித்துக் காட்டுவதற்காக.